“எட்டு” என்று மட்டும் சொல்லாதீர்கள்: வீட்டிலேயே கால் அளந்து சப்பாத்து எடுப்பது எப்படி

பரந்தனில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் உதைபந்தாட்டக்காரன். ரொறன்ரோவில் இருக்கும் அவனுடைய அண்ணன் ஒருநாள் போனில், “உனக்கு என்ன சைஸ்?” என்று கேட்டான். இவன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு “எட்டு” என்றான். அண்ணன் எட்டு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்பினான். தள்ளித்தான் கால் உள்ளே போனது. விரல்கள் மடங்கிக்கொண்டன. “எட்டெண்டுதானே சொன்னனீ?” என்று அண்ணன் அங்கே கோபிக்க, “எட்டுத்தான் அண்ணா போடுறனான்” என்று தம்பி இங்கே நின்றான்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. செருப்பில் இருந்தது யூகே எட்டு. கனடாக் கடையில் இருந்தது யூஎஸ் எட்டு. யூஎஸ் எட்டு என்பது யூகே கணக்கில் ஏழுதான். நான் கிளிநொச்சியில் ஒரு சப்பாத்துக் கடையில் சில வருடங்கள் நின்றவன். இந்த எட்டுச் சண்டையை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. பாதி வன்னிக்கு வெளிநாட்டில் யாரோ ஒருவர் இருக்கிறார். அவர் வாங்கி அனுப்பும் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அதனால் எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டு மில்லிமீற்றரைச் சொல்லப் பழகுவதுதான் வழி. அதை எப்படி அளப்பது, அளந்ததை எப்படி எண்ணாக்குவது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

அளப்பதற்கு முன்

பின்னேரம் அளவெடுங்கள். காலையில் எழும்பியவுடன் இருக்கும் கால் வேறு, நாள் முழுக்க நின்று நடந்த பிறகு இருக்கும் கால் வேறு. வெயிலில் திரிந்துவிட்டு வந்தால் கால் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கும். சப்பாத்து அந்தக் காலுக்கும் பொருந்த வேண்டும். எந்தச் சொக்ஸ் போட்டுக்கொண்டு சப்பாத்தைப் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைகளின் அட்டவணைகள் பெரும்பாலும் வெறுங்காலின் நீளத்துக்குப் போட்டவை. வெறுங்காலை அளந்து எழுதுங்கள். தடித்த சொக்ஸ் என்றால் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

எதால் அளப்பது என்பதும் முக்கியம். பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்துப் பாருங்கள்: பூச்சியம் என்ற கோடு விளிம்பில் இருக்காது, மூன்று நான்கு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இருக்கும். விளிம்பைச் சுவரில் முட்டவைத்து வாசித்தால் அத்தனை மில்லிமீற்றர் குறைவாகவே வரும். அரைச் சைஸ் என்பதே நான்கு மில்லிமீற்றர்தான். ஆகவே அடிமட்டத்தைச் சுவரோடு வைக்காமல், அளவைத் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு பூச்சியத்திலிருந்து வாசியுங்கள். மேசன்மார் வைத்திருக்கும் இரும்பு நாடாவும் நல்லதுதான். அதன் நுனியில் இருக்கும் கொக்கி கொஞ்சம் ஆடும். அது பழுதல்ல, கொக்கியின் தடிப்பைச் சரிக்கட்டவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இழுபட்டு நீண்டுபோன பழைய தையல் நாடாவை மட்டும் நீளத்துக்கு நம்ப வேண்டாம்.

நீளம்

ஒரு ஏ4 தாள் போதும். அதன் நீளம் 297 மில்லிமீற்றர், பெரும்பாலான கால்கள் அதற்குள் அடங்கும். தாளின் குட்டைப் பக்கத்தைச் சுவரோடு முட்டவைத்து நிலத்தில் ஒட்டுங்கள். இங்கே ஒரு கவனம் வேண்டும். எங்கள் வீடுகளில் சுவரும் நிலமும் சேரும் இடத்தில் சீமெந்தை வளைத்துப் பூசியிருப்பார்கள். அந்த வளைவில் தாள் மேலே ஏறும், குதிக்கால் சுவரைத் தொடாமலே நிற்கும். அப்படி இருந்தால் சுவரை விட்டுவிட்டு, நேரான பலகைத் துண்டு ஒன்றையோ பாரமான பெட்டி ஒன்றையோ நிலத்தில் அசையாமல் வைத்து அதைச் சுவராக எடுங்கள். மண் நிலம் என்றால் தாளுக்குக் கீழே ஒரு பலகையைப் போடுங்கள்.

தாளில் ஏறி, குதிக்காலின் பின்பக்கம் மட்டுமட்டாய்ச் சுவரில் படும்படி நில்லுங்கள். இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்க வேண்டும், பார்வை நேரே இருக்க வேண்டும். கதிரையில் இருந்தபடி அளந்தால் பாதத்தில் பாரம் இறங்காது. நிற்கும்போது உள்வளைவு தாழ்ந்து பாதம் நீளும், அகலும். சப்பாத்தோடு நடப்பது நிற்கிற பாதம்தானே. நீங்களே குனிந்து கோடு போட முயன்றால் பாரம் முன்னுக்குப் போய்க் குதி தூக்கிக்கொள்ளும். அதனால் இன்னொருவர் வேண்டும், வீட்டில் ஒரு சின்னப்பிள்ளை என்றாலும் போதும்.

இப்போது அந்த மற்றவர் செய்ய வேண்டியது: பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைவதல்ல. அதுதான் எல்லாரும் செய்வது, அதில்தான் பிழையும் வரும். பென்சில் சரிந்து உள்ளே போனால் கோடு பாதத்துக்கு அடியில் போகும், அளவு குறையும். வெளியே சரிந்தால் பென்சிலின் தடிப்புச் சேர்ந்து அளவு கூடும். அதைவிட, நெருப்புப்பெட்டி போன்ற சதுர மூலையுள்ள ஒரு பொருளை நிலத்தில் நிறுத்தி, மெதுவாக நகர்த்தி, மிக நீண்ட விரலின் நுனியைத் தொட வையுங்கள். தொட்டால் போதும், அழுத்தக்கூடாது. அந்தப் பெட்டியின் விளிம்போடு தாளில் கோடு போடுங்கள். நீண்ட விரல் பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பலருக்குப் பக்கத்து விரல் நீட்டிக்கொண்டிருக்கும். நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிட்டு அளவெடுங்கள்.

தாளின் பின்விளிம்பிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதுங்கள். காலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்து இன்னும் இரண்டு தரம் செய்யுங்கள். மூன்றும் இரண்டு மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போனால் நடுவில் உள்ளதை எடுக்கலாம். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தத் தரம் குதி சுவரைவிட்டு விலகியிருக்கிறது. பிறகு மற்றக் கால். இரண்டு காலும் ஒரே நீளமாக இருப்பவர்கள் குறைவு. நான்கு ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம் சாதாரணம், சப்பாத்து எடுப்பது பெரிய காலுக்கு. சின்னக் காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய தகடு போட்டுச் சமாளிக்கலாம். பெரிய காலுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

சின்னம்மாவின் மகனுக்கு இப்படி அளந்தபோது வலது 262, இடது 266. அவன் வலக்காலால் பந்தடிப்பவன், அதனால் வலக்கால்தான் பெரிது என்று சத்தியம் பண்ணினான்.

அகலம்

வன்னியில் இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் வயலிலும் கிறவல் றோட்டிலும் நடந்தவர்களின் முன்பாதம் விரிந்திருக்கும், விரல்கள் தள்ளித்தள்ளி இருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வாழ்பவர்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்விலும் அதே முடிவுதான் வந்தது: அவர்களின் பாதம் சப்பாத்துப் போட்டு வளர்ந்தவர்களின் பாதத்தைவிட அகலம். உலகச் சந்தைக்கு வரும் சப்பாத்துகளில் பல, சின்ன வயதிலிருந்தே சப்பாத்துக்குள் வளர்ந்த கால்களை நினைத்துச் செய்தவை. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் உரசிக் கொப்புளம் போடுவது இதனால்தான்.

அகலத்தை இரண்டு விதமாக எடுங்கள். பெருவிரல் பாதத்தோடு சேரும் மூட்டு வெளியே புடைத்திருக்கும், சுண்டுவிரல் பக்கமும் அதேபோல ஒரு புடைப்பு இருக்கும். நீங்கள் தாளில் நிற்கும்போது அந்த இரண்டு புடைப்பையும் நெருப்புப்பெட்டியால் தொட்டுக் கோடு போட்டு, இடையிலுள்ள தூரத்தை அளந்தால் அது அகலம். அதே இடத்தைச் சுற்றி ஒரு நூலை இறுக்காமல் சுற்றி, சேரும் இடத்தில் பேனையால் குறித்து, நூலை நீட்டி அளந்தால் சுற்றளவு. மேல்பாதம் உயர்ந்தவர்களுக்கு அகலம் சாதாரணமாக இருந்தும் சுற்றளவு கூடும். லேஸ் கட்டும் இடம் அவர்களுக்குத்தான் இறுகும்.

அகலக் காலுக்கு ஊரில் செய்யும் வைத்தியம், ஒரு சைஸ் கூட எடுப்பது. கடையில் நின்றபோது நானும் அப்படித்தான் விற்றேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அப்படி எடுத்தால் அகலம் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் சப்பாத்து மடியும் இடம் உங்கள் பாதம் மடியும் இடத்துக்கு முன்னால் போய்விடும், குதி வழுக்கும். வெளிநாட்டில் வாங்குபவரிடம் அகலச் சப்பாத்தைக் கேட்பதே நல்லது. அமெரிக்கக் கணக்கில் ஆண்களுக்கு டி என்பது சாதாரண அகலம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். ஒரே டி ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இன்னொன்று என்பதைக் கவனியுங்கள்.

எண்கள் எங்கிருந்து வந்தன

யூகே எண்ணின் அடிப்படை வாற்கோதுமை மணி. பழைய இங்கிலாந்தில் மூன்று மணியை நீட்டி வைத்தால் ஓர் அங்குலம் என்று கணக்கு. ஆகவே ஒரு சைஸ் என்பது மூன்றில் ஓர் அங்குலம், 8.47 மில்லிமீற்றர். எங்கள் ஊரில் யாராவது இதைத் தொடங்கியிருந்தால் நெல்மணியால் அளந்திருப்பார்கள், அப்புறம் சம்பா நெல்லா நாட்டு நெல்லா என்று சண்டை வந்திருக்கும். பிள்ளைகளின் எண் நான்கு அங்குலத்தில் பூச்சியம் என்று தொடங்கி 13 வரை போகும். அதற்குப் பிறகு 14 வராது, திரும்ப 1 என்று பெரியவர்களின் எண் தொடங்கும். ஆகவே பிள்ளைக்கு “ஒன்று” என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் கைக்குழந்தையின் சப்பாத்தை எடுத்துத் தந்தாலும் அவரைக் குறைசொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் படி அதே மூன்றில் ஓர் அங்குலம்தான், தொடங்கும் இடம்தான் வேறு. அதனால் ஆண்களின் யூஎஸ் எண் யூகே எண்ணைவிட ஒன்றோ அரையோ கூடும். பெண்களுக்கு இரண்டளவு கூடும், சில கம்பனிகளில் ஒன்றரை. யூகே கணக்கில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசை. யூஎஸ் கணக்கில் இரண்டு வரிசை.

பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ் பக்கம் போடும் 38, 42 போன்ற எண்கள் பாரிஸ் கணக்கு, பெட்டியில் ஈயூ என்று போட்டிருப்பது இதைத்தான். அங்கே ஒரு படி மூன்றில் இரண்டு சென்ரிமீற்றர், அதாவது 6.67 மில்லிமீற்றர். எங்கள் கடைகளில் பெண்களின் செருப்புகளிலும் இந்த எண்களைக் காணலாம். 8.47 படியும் 6.67 படியும் எந்த இடத்திலும் ஒழுங்காகச் சேராது. ஒன்றை மற்றதாக மாற்றும்போது யாரோ ஒருவர் கூட்டியோ குறைத்தோ முழு எண்ணாக்க வேண்டும். ஒவ்வொரு கம்பனியும் அதைத் தன் விருப்பப்படி செய்கிறது. அடிடாஸ் பெட்டியில் 42⅔ என்று ஒரு விசித்திர எண்ணைக் கண்டிருப்பீர்கள். யூகே அரைப்படியை அவர்கள் முழு எண்ணாக்காமல் மூன்றில் ஒன்றுகளாக எழுதுவதால் வந்தது அது.

இன்னொரு பெரிய குழப்பம் இருக்கிறது. யூகே, ஈயூ எண்கள் உங்கள் காலை அளப்பவை அல்ல. சப்பாத்துத் தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் வடிவ அச்சை அளப்பவை. அச்சு காலைவிட நீளமாக இருக்கும், விரல் அசைய முன்னால் இடம் வேண்டுமல்லவா. அந்த இடம் எவ்வளவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வட்ட மூக்குச் சப்பாத்துக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் போதும் என்று ஒரு கம்பனி நினைக்கும். கூர்மூக்குச் சப்பாத்தில் நுனி சும்மா வெறுமையாக இருப்பதால் இன்னும் கூட விடுவார்கள். பந்தடிக்கும் பூட்ஸில் இறுக்கம் வேண்டுமென்று குறைப்பார்கள். எண் ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் இடம் வேறாக இருக்கும்.

ஜப்பான்காரர்தான் இதில் புத்திசாலிகள். அவர்களின் எண் காலின் நீளம், சென்ரிமீற்றரில். 26.5 என்றால் 26.5 சென்ரிமீற்றர்க் காலுக்கானது. மொண்டோபொயின்ற் என்ற சர்வதேச முறையும் இதேதான், மில்லிமீற்றரில். பனிச்சறுக்குப் பூட்ஸ் இன்றும் அந்த முறையில்தான் விற்கிறது. பெரிய கம்பனிகளின் பெட்டிகளில் யூகே, யூஎஸ், ஈயூ எண்களோடு நான்காவதாக ஒரு எண் இருக்கும். சீஎம் அல்லது ஜேபி என்று போட்டு 27 அல்லது 270 என்றிருக்கும். மற்ற மூன்றையும் மறந்தாலும் அதை மறக்க வேண்டாம்.

266 மில்லிமீற்றருக்கு என்ன எண்?

முதலில் வெறும் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 266க்கு முன்னால் 13 மில்லிமீற்றர் இடம் விட்டால் அச்சு 279. அதை அங்குலமாக்கினால் கிட்டத்தட்ட 11. யூகே பெரியவர் எண் வர, அங்குலத்தை மூன்றால் பெருக்கி 25ஐக் கழிக்க வேண்டும்: 33இல் 25 போக 8. தம்பியின் செருப்பு எட்டு சரிதான். ஈயூ எண் வர, அச்சின் சென்ரிமீற்றரை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 27.9ஐப் பெருக்கினால் 41.85, அதாவது 42. யூஎஸ் 9. அண்ணன் வாங்கிய யூஎஸ் 8, யூகே 7க்கான அச்சில் செய்தது, 271 மில்லிமீற்றர். 266 காலுக்கு முன்னால் மிஞ்சுவது ஐந்து மில்லிமீற்றர். ஓடும்போது கால் முன்னுக்குப் போகும் என்பதால் அந்த ஐந்தும் இல்லாமல் போய் விரல் முட்டும்.

இனிக் கம்பனிகளைப் பார்ப்போம். நைக்கி ஆண்கள் அட்டவணையில் 27 சென்ரிமீற்றருக்கு யூஎஸ் 9, யூகே 8, ஈயூ 42.5. அடிடாஸில் 27க்கு யூஎஸ் 9, யூகே 8½, ஈயூ 42⅔. அடிடாஸின் யூகே 8 என்பது 26.5க்கு. தம்பியின் இடக்கால் 26.6 என்பதால் 26.5 மட்டுமட்டு, 27ஐ எடுப்பதே பாதுகாப்பு. இப்போது பாருங்கள்: ரொறன்ரோ அண்ணனிடம் “யூஎஸ் ஒன்பது” என்றால் இரண்டு கம்பனியிலும் பொருந்தும். லண்டனில் இருக்கும் மாமாவிடம் “யூகே எட்டு” என்றால் ஒன்றில் பொருந்தும், மற்றதில் இறுகும். கம்பனிப் பெயரைச் சேர்க்காமல் எண்ணைச் சொல்வதில் பயனில்லை என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சந்தையில் குவித்துவைத்து விற்கும் சீனச் சப்பாத்து இன்னொரு கணக்கு. அங்கே 42 என்று போட்டிருந்தாலும் அது பாரிஸ் 42 ஆக இருக்க வேண்டும் என்றில்லை. சீனக் கணக்கில் காலின் சென்ரிமீற்றரை இரண்டால் பெருக்கிப் பத்தைக் கழிப்பார்கள். 26 சென்ரிமீற்றர்க் காலுக்கு 42, 26.5க்கு 43. தம்பியின் 26.6க்கு 43 தான் தேட வேண்டும், 42ஐப் போட்டால் அதே பழைய கதை.

பிள்ளைகள்

பிள்ளைக்கு அளக்கும்போது வளர்ச்சிக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே விடலாம். அதற்கு மேல் வேண்டாம். “வளரும்தானே” என்று இரண்டு சைஸ் கூட எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், பிள்ளை குதி கழராமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும். உதாரணமாக 190 மில்லிமீற்றர்க் காலுக்கு 12 சேர்த்தால் 202, அங்குலத்தில் 7.95. பிள்ளைகள் கணக்கில் மூன்றால் பெருக்கி 12ஐக் கழிக்க வேண்டும்: கிட்டத்தட்ட 12 வரும். கடையில் “பிள்ளைகள் பன்னிரண்டு” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஜனவரியில் வாங்கும் சப்பாத்து ஆண்டிறுதி வரை வருமா என்று கேட்பவர்களுக்கு: தவணைக்கு ஒருமுறை தாளைச் சுவரோடு நிலத்தில் ஒட்டி அளந்து பாருங்கள். முன்னால் ஐந்து மில்லிமீற்றருக்குக் கீழே போய்விட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிள்ளை கடிக்குது என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் எலும்பு இளசு, பல நேரம் வலி தெரியாது.

செயற்கைக் கால், சீனி வருத்தம்

செயற்கைக் கால் போடுபவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம். அவர்களுக்கு நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குச் சரிக்கட்டிப் பொருத்தப்படுவது. புதுச் சப்பாத்தின் குதி அதைவிட உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ நடை மாறும், முழங்காலில் பிழையான சுமை விழும். பழைய சப்பாத்தின் குதித் தடிப்பையும் முன்பாதத்தின் தடிப்பையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து அந்த வித்தியாசத்தைச் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு பாதத்தையும் தனித்தனியாக அளவெடுங்கள். செயற்கைப் பாதம் வீங்காது, மற்றது வீங்கும்.

சீனி வருத்தத்தால் கால் மரத்தவர்கள் “இறுக்கம் தெரியவில்லை, சரியாக இருக்கிறது” என்று சொல்வதை ஒருபோதும் ஏற்காதீர்கள். அவர்களுக்கு உணர்வு சொல்லாததை அளவுதான் சொல்ல வேண்டும். சப்பாத்தைக் கழற்றியவுடன் காலில் சிவந்த அடையாளம் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அனுப்புவது எப்படி, வந்ததும் பார்ப்பது எப்படி

தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு “இதை அளந்துகொள்” என்று சொல்ல வேண்டாம். படம் சாய்ந்திருந்தால் நீளம் மாறும். கம்பனிகளின் இணையத்தளத்தில் இருந்து அளவுத்தாளைக் கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. அச்சு இயந்திரம் தாளுக்குள் அடக்கிச் சுருக்கிவிடும். ஒரு வங்கி அட்டையைத் தாளின் அளவுகோலோடு வைத்துப் பாருங்கள், அட்டையின் நீளம் 85.6 மில்லிமீற்றர். கோல் ஒத்துவராவிட்டால் அந்தத் தாளை எறிந்துவிடுங்கள்.

எழுத்தில் அனுப்புங்கள். தம்பி கடைசியில் அனுப்பியது இப்படித்தான் இருந்தது: “இடது 266 மிமீ, வலது 262. அகலம் 104. சுற்றளவு 258. பின்னேரம் நின்றபடி அளந்தது. மெல்லிய சொக்ஸ். பந்தடிக்க. பெட்டியில் சீஎம் 27 என்று இருப்பது.” அண்ணன் கடையில் போய் 27ஐ எடுத்து, உள்ளே கழற்றக்கூடிய மெத்தைத் தகட்டை வெளியே இழுத்து அளந்தான். 277 வந்தது, காலைவிட 11 மில்லிமீற்றர் கூட. தகட்டை அளக்காமலே 27 என்ற எண்ணை மட்டும் நம்பியிருந்தாலும் தவறியிருக்காது, ஆனால் அதே கடையில் இன்னொரு மாதிரியில் 27 என்றிருந்த தகடு 270தான் இருந்ததாம்.

சப்பாத்து வந்ததும் பாயில், வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பாருங்கள், செம்மண் பட்டால் பிறகு இன்னொருவருக்குக் கொடுக்கவும் மனம் வராது. நின்றபடி, நீண்ட விரலுக்கு முன்னால் சுட்டுவிரலின் அகலம் இடம் இருக்க வேண்டும். மெத்தையைக் கழற்றி அதன்மேல் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும், சுண்டுவிரல் பக்கம் பாதம் மெத்தையை விட்டு வெளியே தொங்குகிறதா என்பதும் தெரியும். தொங்கினால் நீளம் சரியாக இருந்தாலும் அது உங்கள் சப்பாத்து அல்ல. பிறகு போட்டு நடந்து, சப்பாத்து மடியும் கோடு பெருவிரல் மூட்டின் கீழே விழுகிறதா என்று பாருங்கள். குதி இரண்டொரு மில்லிமீற்றர் தூக்கினால் புதுசில் பரவாயில்லை, விரல் முட்டினால் பரவாயில்லை என்று சொல்லவே கூடாது. “போடப் போட இளகும்” என்று கடைக்காரர் சொல்வது அகலத்துக்கு, அதுவும் தோலுக்கு மட்டும்தான் உண்மை. நீளம் எந்தக் காலத்திலும் இளகாது.

முதலில் வந்த அந்த யூஎஸ் எட்டு இப்போது பக்கத்து வீட்டுப் பொடியனிடம் இருக்கிறது. அவனுக்கு 257.